வாழ்த்தோடு ஒரு பழைய நினைவைச் சேர்த்து எழுதுவது எப்படி? நான் எழுதினால் அட்டை வாசகமாகிவிடுகிறது

ஜன்னலோரம்

சென்ற பண்டிகையன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேள்வி.

காலையில் வந்து குவிந்திருந்த வாழ்த்துகளில் பார்க்க நன்றாக இருந்த ஒன்றை நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் இருக்கும் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டே போனேன். நூற்றைம்பது பேர் இருக்கும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மதியம் பெரியப்பா மகன் போன் செய்து, "எப்போடா பேரை மாத்தின?" என்று கேட்டான். அப்போதுதான் கீழே உருட்டிப் பார்த்தேன். கடைசி வரியில் "என்றும் அன்புடன்" என்று போட்டு, யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தின் பெயர் இருந்தது.

அதைவிட உறைத்தது வேறு. நூற்றைம்பது பேரில் அதைக் கவனித்தது அவன் ஒருவன்தான். மற்றவர்கள் "நன்றி, உங்களுக்கும்" என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த நண்பன், அதே வாழ்த்தை அந்தக் குடும்பத்தின் பெயரோடு எனக்கே திருப்பி அனுப்பியிருந்தான். நானும் படிக்கவில்லை, அவனும் படிக்கவில்லை.

இன்னும் பத்து நாளில் அடுத்த பண்டிகை. இந்த முறை ஒரு பன்னிரண்டு பேருக்கு மட்டும், அவரவரோடு எனக்கிருக்கும் ஒரு நினைவைச் சேர்த்து எழுதலாம் என்று இருக்கிறேன். எழுதிப் பார்த்தால் கடையில் விற்கும் வாழ்த்து அட்டை மாதிரியே வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

வெட்டிப்பேச்சு

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் நண்பரே. ஃபார்வர்ட் செய்தால்தான் மேலே அம்புக்குறி விழும், பலர் கைமாறி வந்தது என்றால் இரட்டை அம்புக்குறியே விழும். நகலெடுத்து ஒட்டினால் எதுவும் வராது. பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு ஒரே தட்டில் அனுப்பினாலும் ஒவ்வொருவருக்கும் தனியாக வந்த செய்தி போலத்தான் தெரியும். ஆரம்பத்தில் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள், போதும். தன் பெயரைப் பார்த்தாலே ஆளுக்கு ஒரு சந்தோஷம்.

ராப்பறவை

@வெட்டிப்பேச்சு, பிராட்காஸ்ட் போட்டால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். பாதிப் பேருக்குப் போயே இருக்காது, நீங்கள் போனதாக நினைத்துக்கொண்டு இருப்பீர்கள்.

அச்சுக்கோத்தவர்

வெட்டிப்பேச்சு சொல்வதில் பாதி சரி. அம்புக்குறி இல்லாவிட்டால் ஃபார்வர்ட் என்ற சந்தேகம் வராது, உண்மைதான். ஆனால் பெயர் சேர்த்தால் போதும் என்பது மட்டும் எடுபடாது. அது என் பழைய பிழைப்பு என்பதால் சொல்கிறேன். வாழ்த்து அட்டை அச்சடிக்கும் இடத்தில் ஒன்பது வருடம் வாசகம் எழுதினேன்.

பெயருக்கு மட்டும் இடம் விட்டு மற்றதை அச்சடிப்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத முடியாமல், ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரைந்து வாங்கி ஆயிரம் அட்டை அச்சடித்தார். அதிலும் பெறுபவர் பெயருக்கு ஒரு கோடு காலியாக விட்டிருந்தது. விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான் என்பார்கள். ஆக, பெயர் எழுதிய பொது வாசகத்துக்கு வயது நூற்றெண்பதைத் தாண்டிவிட்டது. பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும்.

எங்கள் வேலை என்ன தெரியுமா? ஒரு வரி எழுதினால் அதை அம்மாவுக்கும் வாங்க வேண்டும், மேலாளருக்கும் வாங்க வேண்டும், சண்டை போட்டுப் பிரிந்த நண்பனுக்கும் வாங்க வேண்டும். யாருக்கும் பொருந்தாமல் போகக்கூடிய எந்தச் சொல்லையும் வெட்டிக்கொண்டே வருவோம். கடைசியில் மிஞ்சுவது "இனிய", "நெஞ்சார்ந்த", "வளம்", "மகிழ்ச்சி பொங்க". அது மோசமான தமிழ் இல்லை, எல்லோருக்கும் பொருந்துகிற தமிழ், அவ்வளவுதான். ஜன்னலோரம் தம்பி, நீங்கள் எழுதியதை இங்கே ஒட்டுங்கள், பார்ப்போம்.

கோடைமழை

அருமையான இழை. நானும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். விளக்குப் படம் போட்ட பின்னணியில் நம் குடும்பப் படத்தையும் பெயரையும் சேர்த்துத் தருகிற செயலி எது நல்லது? நான் வைத்திருப்பதில் ஓரத்தில் அவர்கள் முத்திரை விழுகிறது.

ராப்பறவை

கோடைமழை, இங்கே பேசுவது வேறு. அதற்குத் தனி இழை தொடங்குங்களேன்.

ஜன்னலோரம்

ஐயா, இதோ. அந்த அறைத்தோழனுக்கு எழுதியது:

"இனிய பண்டிகை நல்வாழ்த்துகள் நண்பா! விடுதியில் நாம் ஒன்றாகக் கழித்த அந்த அழகிய நாட்களை என்றும் மறக்க முடியாது. அந்த இனிய நினைவுகளோடு உனக்கும் உன் குடும்பத்தாருக்கும் வாழ்த்துகள்."

அச்சுக்கோத்தவர்

இதை நான் மேசையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அன்றே அச்சுக்குப் போயிருக்கும். அதுதான் இதில் உள்ள கோளாறு.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. எழுதிய வரியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் வேறு யாருக்காவது அனுப்ப முடியுமா என்று பாருங்கள். "விடுதியில் கழித்த அழகிய நாட்கள்" என்பதை விடுதியில் இருந்த எந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம். நினைவு என்ற சொல் இருக்கிறது, நினைவு இல்லை. "மறக்க முடியாது" என்று அறிவிக்கிறீர்கள், ஆனால் மறக்காமல் இருப்பது எது என்று சொல்லவில்லை.

நாட்களை விடுங்கள். ஒரே ஒரு தடவை நடந்தது ஒன்று வேண்டும், அதில் அவர் கையால் எதையாவது செய்திருக்க வேண்டும். அவர் எப்படிப்பட்டவர் என்பதை விட்டுவிட்டு என்ன செய்தார் என்று போங்கள். "நீ எப்போதும் உதவுவாய்" என்பது நூறு பேருக்குப் பொருந்தும். மழையில் வண்டி நின்றபோது அவர் செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு தள்ளியது ஒருவருக்குத்தான் பொருந்தும்.

இன்னொன்று. பெரிய நிகழ்ச்சியைத் தேடாதீர்கள். கல்யாணம், பட்டமளிப்பு, எல்லோரும் சேர்ந்து போன சுற்றுலா இதெல்லாம் அவருக்கு ஐம்பது பேர் ஞாபகப்படுத்திவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் பார்த்த சின்ன விஷயம்தான் வேலை செய்யும்.

வெட்டிப்பேச்சு

எல்லாம் சரி ஐயா. ஆனால் உலகத்தில் முதன்முதலாகப் போன எஸ்எம்எஸ்ஸே ஒரு பண்டிகை வாழ்த்துதான், 1992 டிசம்பர் 3 அன்று "மெரி கிறிஸ்துமஸ்" என்று வெறும் இரண்டு சொல். அதில் நினைவும் இல்லை, செருப்பும் இல்லை. வாங்கியவர் குறைப்பட்டுக்கொண்டாரா?

அச்சுக்கோத்தவர்

அது ஒருவர் ஒருவருக்கு அனுப்பியது. அன்றைக்கு அவர் போனுக்கு அதே இரண்டு சொல் வேறு நூறு பேரிடமிருந்து வந்திருந்தால் அப்போது கேளுங்கள்.

சரி, சொல்ல வந்ததை ஒத்துக்கொள்கிறேன். தினமும் பேசிக்கொள்கிறவர்களுக்கு இரண்டு சொல்லே தாராளம். வீட்டில் இருக்கும் தம்பிக்குப் போய் நினைவு சேர்த்து வாழ்த்து எழுதினால் உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்பான். இது தொடர்பு இளகிப்போன ஆட்களுக்கு. முன்பு நெருக்கம், இப்போது வருடத்தில் ஒரு வாழ்த்து மட்டும் மிச்சம் என்று இருப்பவர்களுக்கு.

நாலாம்_மாடி

என் தயக்கம் வேறு மாதிரி. ஐந்து வருடமாகப் பேசாதவருக்குத் திடீரென்று பழைய சம்பவத்தை எழுதி அனுப்பினால் "என்ன ஆச்சு இவளுக்கு" என்று நினைக்க மாட்டார்களா? எழுதி எழுதி அழித்துவிட்டேன்.

ராப்பறவை

நினைக்க மாட்டார்கள் என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 2022-ல் பெக்கி லியூ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பேச்சு விட்டுப்போனவருக்குச் சின்னதாக ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, வாங்குபவர் எவ்வளவு விரும்புவார் என்று அனுப்புபவரையே கணிக்கச் சொன்னார்கள். கணிப்பு சராசரியாக உண்மையைவிடக் குறைவாகத்தான் இருந்தது. வாங்குகிறவருக்கு அதில் இருக்கும் எதிர்பாராத தன்மைதான் பெரிதாகப் படுகிறது, அனுப்புகிறவர் அதை அந்த அளவுக்கு யோசிப்பதில்லை. ஆனால் இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. எதிர்பாராதது என்பது ஒரு தடவைதான் எதிர்பாராதது. ஒரே சம்பவத்தை வருடா வருடம் அனுப்பினால் அதுவும் ஃபார்வர்ட் மாதிரிதான்.

மழைக்கோட்டு

என் விஷயத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் இன்றுவரை நான் செய்தது சரியா தவறா என்று தெரியவில்லை.

என் சித்தி மகளுக்கு வாழ்த்து எழுதினேன். அவள் அப்பா, என் சித்தப்பா, அந்த வருடம்தான் போனார். சிறு வயதில் எங்கள் இருவரையும் பழைய ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து ஓட்டுவார், ஹாரன் வேலை செய்யாது, அதற்குப் பதிலாக எங்களைக் கத்தச் சொல்வார். அதை எழுதினேன். "முன்னால் நின்று நீதான் பெரிதாகக் கத்துவாய், சித்தப்பா காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் சிரிப்பார்" என்று. மேலே வழக்கம்போல "மகிழ்ச்சி பொங்கும் பண்டிகை வாழ்த்துகள்" என்றும் போட்டிருந்தேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் அவள் கணவர் போன் செய்து, "அவ நேத்து முழுக்க அழுதுட்டே இருந்தா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் நன்றியாகவும் சொல்லவில்லை.

அச்சுக்கோத்தவர்

சம்பவம் நன்றாகத்தான் இருக்கிறது. தப்பு மேலே இருக்கும் வரியில். ஒருவரை இழந்தபின் வரும் முதல் பண்டிகையில் "மகிழ்ச்சி பொங்கும்" என்று ஆரம்பித்துவிட்டு அப்பாவைப் பற்றி எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வாழ்த்தையே விட்டுவிட்டு, "இன்று உன்னை நினைத்துக்கொண்டேன்" என்று தொடங்கியிருக்கலாம். என்னைக் கேட்டால் முதல் வருடம் இறந்தவரைத் தொடும் நினைவையே எடுக்கமாட்டேன். அவளை மட்டும் வைத்து ஒன்று எடுப்பேன். அன்றைக்கு வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், அவள் ஓடி ஆடிக்கொண்டு இருப்பாள். நடுவில் போனைப் பார்க்கும்போது இது வந்து நிற்கக் கூடாது.

ராப்பறவை

இதில் நான் ஒத்துப்போகவில்லை ஐயா. என் அம்மா இறந்த வருடம் எல்லோரும் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். யாரும் அவள் பெயரையே எடுக்கவில்லை. ஒரே ஒரு பழைய பக்கத்துவீட்டு அக்கா, என் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அவளுக்கு ஊசியில் நூல் கோத்துத் தந்ததை எழுதியிருந்தாள். நானும்தான் அழுதேன். அந்த வருடம் வந்ததில் இன்னும் வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான். மழைக்கோட்டு, உங்கள் சித்தி மகள் அழுதாள் என்பதாலேயே தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மழைக்கோட்டு

இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே தோன்றுகிறது. அந்த மேல் வரியை மட்டும் எடுத்திருக்கலாம் என்பது இப்போது புரிகிறது. மற்றது அவளைக் கேட்டால்தான் தெரியும், கேட்கத் தைரியம் இல்லை.

ஜன்னலோரம்

நேற்று உட்கார்ந்து மறுபடி எழுதினேன். இந்த முறை குறிப்பாக ஒரு சம்பவம். கொஞ்சம் நீளம், மன்னிக்கவும்.

"டேய், பண்டிகை வாழ்த்துகள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, மூன்றாம் வருடப் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி நான் அறைக்குள்ளேயே சாவியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். புத்தகம், ஹால் டிக்கெட் எல்லாம் உள்ளே. வார்டன் ஊரில் இல்லை. நான்தான் முதலில் ஜன்னல் வழியாக முயற்சி செய்தேன், கம்பி இருந்தது. அப்புறம் நீ ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கதவு இடுக்கில் விட்டு உள்தாழ்ப்பாளை ஒரே தட்டில் தூக்கிவிட்டாய். அன்றைக்கு நீ இல்லையென்றால் என் வாழ்க்கையே மாறியிருக்கும். அந்த நாட்கள் இனி வராது. நான் உன் கல்யாணத்துக்குக்கூட எவ்வளவு தூரம் வந்தேன், நீ ஒரு போன்கூடப் பண்ணுவதில்லை. இப்போது எங்கே இருக்கிறாய், எப்போது பார்க்கலாம்?"

நாலாம்_மாடி

ஸ்கேல் விஷயம் அருமை. ஆனால் கடைசியில் சண்டைக்குப் போகிறீர்களே.

அச்சுக்கோத்தவர்

தங்கம் கிடைத்துவிட்டது தம்பி, மேலே மண் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றாக உதறுவோம்.

"ஞாபகம் இருக்கிறதா" முதலில் போகட்டும். அது வாழ்த்து இல்லை, பரீட்சை. அவருக்கு மறந்திருந்தால் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் பண்டிகையன்று தேவையில்லை. சம்பவத்தை நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கு அது தானாக வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

அடுத்து, சாவி, வார்டன், ஜன்னல் கம்பி. அவர் அங்கேயே இருந்தவர், அவருக்கு முழுக்கதை தேவையில்லை. ஒரு முனையைக் காட்டினால் மற்றதை அவரே இழுத்துக்கொள்வார். முழுவதும் நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கு நினைத்துப் பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது. ஸ்கேலும் தாழ்ப்பாளும் போதும்.

"என் வாழ்க்கையே மாறியிருக்கும்" அட்டை வாசகம், மறுபடி உள்ளே நுழைந்துவிட்டது. "கல்யாணத்துக்கு எவ்வளவு தூரம் வந்தேன்" என்பது பில். நாம் அவருக்குச் செய்ததை எடுத்தால் எப்படி எழுதினாலும் பில் போலத்தான் படிக்கப்படும். அவர் நமக்குச் செய்ததையோ, நம்மைச் சிரிக்க வைத்ததையோ எடுங்கள். போன் பண்ணுவதில்லை என்பது குற்றச்சாட்டு. எப்போது பார்க்கலாம் என்பது வேலை. வாழ்த்தைப் படித்து முடித்ததும் அவர் செய்தே ஆக வேண்டியது எதுவும் இருக்கக் கூடாது.

இன்னொரு சந்தேகம். தாழ்ப்பாளைத் தூக்கியது அவர்தான் என்று உறுதியாகத் தெரியுமா? அறையில் வேறு யாரும் இருந்தார்களா? சம்பவத்தில் ஆளை மாற்றிவிட்டால் அத்தனை பேருக்கு ஒட்டியதைவிட மோசம். பொருளோ நாளோ தப்பினால் மன்னிப்பார்கள், செய்தவர் தப்பினால் மாட்டார்கள்.

ஜன்னலோரம்

மூன்று பேர் இருந்தோம், ஆனால் மூன்றாமவன் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தான். இவன்தான், நிச்சயம்.

வெட்டிப்பேச்சு

ஆளை மாற்றுவது பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. எனக்குப் போன வருடம் ஒருவர் இப்படித்தான் ஒரு அழகான சம்பவத்தோடு வாழ்த்து அனுப்பினார், நான் அவருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததாக. எனக்கு நீச்சலே தெரியாது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். பெயர் போட்டால் போதும் என்று சொன்னவன் நான்தான், சரி, வாபஸ்.

கோடைமழை

எனக்கு நினைவே வரமாட்டேன் என்கிறது, அதற்கு என்ன செய்வது? பன்னிரண்டு பேரின் பெயரை எழுதி வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நல்லவர்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. (செயலி கிடைத்துவிட்டது, நன்றி.)

ராப்பறவை

பெயரைப் பார்த்தால் குணம்தான் வரும் கோடைமழை. இடத்தைப் பார்த்தால்தான் சம்பவம் வரும். அந்த ஆளோடு நீங்கள் கடைசியாக உட்கார்ந்த இடம், வழக்கமாகக் காத்திருந்த இடம், படிக்கட்டு, பஸ்ஸில் எந்தப் பக்கத்துச் சீட் என்று யோசியுங்கள். அங்கே இருந்த பொருள் ஒன்று ஞாபகம் வரும், அதைப் பிடித்து இழுங்கள். வராவிட்டால் போனில் இருக்கும் பழைய படங்களில் அந்த வருடத்துக்குப் போய்ப் பாருங்கள். அவர் இருக்கும் படத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்தான் உதவும். அரட்டையில் அவர் பெயருக்குள் போய் "சிரிப்பு" என்றோ "மழை" என்றோ தேடிப்பார்த்தாலும் ஏதாவது மாட்டும்.

நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாரையாவது பார்த்துவிட்டு வந்தால், போனில் அவர் எண்ணைச் சேமித்திருக்கும் இடத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்குமே, அதில் நாலு சொல் எழுதிவிடுவேன். "குடை, லிஃப்ட், மாட்டிக்கொண்டோம்" என்கிற மாதிரி. வருடக் கடைசியில் அது கைகொடுக்கும்.

அப்படியும் வராத ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சாதாரண வாழ்த்தே அனுப்புங்கள், இட்டுக்கட்டாதீர்கள்.

தராசு

நான் காப்பீட்டு முகவர். முந்நூறு வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவருக்கும் நினைவு சேர்த்து அனுப்பினால் வியாபாரம் எங்கேயோ போய்விடும் போலிருக்கிறதே? பத்து வகை நினைவு எழுதி வைத்துக்கொண்டு பொருத்தமாக அனுப்பலாமா?

அச்சுக்கோத்தவர்

வேண்டாம். பத்து வகை எழுதி வைத்தால் அது மறுபடி அட்டைதான், போலி என்று தெரியும்போது இரட்டிப்பு நஷ்டம். வாடிக்கையாளருக்குச் சுருக்கமாக, உங்கள் பெயரோடு ஒரு நேர்மையான வாழ்த்து போதும். அதில் யாரோடாவது நிஜமாகவே ஒன்று நடந்திருந்தால், அந்த நாலைந்து பேருக்கு மட்டும் எழுதுங்கள். அதிலும் அவர் பாலிசி, உடம்பு, பணம் சம்பந்தப்பட்ட எதையும் தொடாதீர்கள். அவர் வீட்டில் வேறு யாராவது போனை எடுத்துப் படித்தாலும் சங்கடம் இல்லாததாக இருக்க வேண்டும். இது எல்லோருக்கும்தான், உங்களுக்கு மட்டும் இல்லை. குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள் என்பதற்கும் இதுதான் காரணம்.

நாலாம்_மாடி

பணம் என்றதும் சொல்கிறேன். தூரத்துச் சொந்தம் ஒருவரிடமிருந்து மனதைத் தொடும்படி ஒரு நினைவு வந்தது. பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போகும்போது நான் திரும்பிப் பார்க்கும் வரை நிற்பாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் கடன் கேட்டார். இப்போது யார் பழையதை எழுதினாலும் அடுத்த செய்தி வரும்வரை நெஞ்சு படபடக்கிறது.

தராசு

கொடுத்தீர்களா?

நாலாம்_மாடி

கொடுத்தேன். அந்த நினைவு உண்மைதானே.

அச்சுக்கோத்தவர்

இதனால்தான், ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் வாழ்த்தை வெறுமனே அனுப்பிவிடுங்கள் என்பேன். கேட்பதை ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள்.

ஜன்னலோரம் தம்பி, மூன்றாம் பிரதி எங்கே?

ஜன்னலோரம்

இதோ ஐயா. எஸ்எம்எஸ் காலத்தில் தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான், அதிலும் கொம்பும் புள்ளியும் தனிக் கணக்கு. அந்தக் கஞ்சத்தனத்தோடு எழுத உட்கார்ந்தேன், அவ்வளவு சுருக்கம் வரவில்லை.

"டேய், பண்டிகை வாழ்த்துகள். காலையில் வீட்டில் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. ஸ்டீல் ஸ்கேலை விட்டுத் தூக்கிப் பார்த்தேன், அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. நீ ஒரே தட்டில் தூக்கினாய். வீட்டில் எல்லோருக்கும் என் வாழ்த்தைச் சொல்."

அச்சுக்கோத்தவர்

தாழ்ப்பாள் நிஜமாகவே மாட்டிக்கொண்டதா?

ஜன்னலோரம்

இல்லை. ஒரு தொடக்கம் வேண்டுமே என்று சேர்த்தேன்.

அச்சுக்கோத்தவர்

அதை மட்டும் எடுத்துவிடுங்கள். "எந்தக் கதவில் தாழ்ப்பாளைப் பார்த்தாலும் உன் ஸ்டீல் ஸ்கேல்தான் ஞாபகம் வருகிறது" என்றால் உண்மையாகவும் இருக்கும், நீளமும் குறையும். மற்றது அப்படியே இருக்கட்டும். "நீ ஒரே தட்டில் தூக்கினாய்" என்ற இடத்தில் அவர் சிரிப்பார்.

வெட்டிப்பேச்சு

நான் இருந்தால் அந்தப் பொய்யை விட்டுவைப்பேன். கதைக்கு அதுதான் அழகு. யாருக்கு நஷ்டம்?

அச்சுக்கோத்தவர்

"அப்புறம் எப்படித் திறந்த?" என்று அவர் கேட்டால் இரண்டாவது பொய் சொல்ல வேண்டும். உங்கள் விருப்பம்.

ஜன்னலோரம்

பத்து நாள் கழித்து வருகிறேன், கணக்கு ஒப்பிக்க. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்குத்தான் எழுத முடிந்தது. ஒருவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடம், அதில் எட்டு நிமிடம் சம்பவத்தைத் தேடுவதில் போனது. பண்டிகை நாள் காலை நெரிசலில் தொலைந்துவிடக் கூடாது என்று முந்தின நாள் மாலையே அனுப்பினேன். மீதி நாலு பேருக்கு ஒன்றும் வரவில்லை, வெறும் வாழ்த்து அனுப்பினேன்.

எட்டில் இரண்டு பேர் கைகூப்பும் படம் மட்டும் போட்டார்கள். ஒருவர் இன்னும் பார்க்கவே இல்லை. பழைய ஆசிரியர் ஒருவர், கரும்பலகையில் என் கையெழுத்தைப் பார்த்து அவர் சொன்னதை எழுதியிருந்தேன், குரல் பதிவாக ஒரு நிமிடம் பேசி அனுப்பினார். அதில் பாதி இருமல்.

அறைத்தோழனுக்குப் பொய்யை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது:

"ஸ்கேலா? யார்ரா சொன்னது? அது உன் முந்தின வருஷ ஹால் டிக்கெட்டோட லேமினேஷன் அட்டைடா. பாதி கிழிஞ்சு போச்சு, அதுக்கு நீ என்னைத் திட்டின."

இல்லை, ஸ்கேல்தான் என்று நான் எழுதினேன். இல்லவே இல்லை என்று அவன் எழுதினான். கடைசியில் அவனே போன் செய்துவிட்டான். மூன்றாமவனையும் அழைப்பில் சேர்த்தோம். அவன் அன்றைக்கு ஊரில் இல்லை, இருந்தாலும் ஸ்கேல் என்று எனக்கு ஓட்டுப் போட்டான்.